மூன்றடி வட்டம்

சேவியர் வீட்டில் சுவரோரமாகத் தரையில் வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பாடு. குஜிலியம்பாறைப் பக்கத்தில் பாதி வீடுகளில் அவர் செய்த மேசை கிடக்கிறது, தச்சர் வீட்டில் மட்டும் ஒன்றும் கிடையாது. மகள் சகாயசெல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். வரிசையில் உட்கார்ந்தால் யார் உதடு தெரியும்?

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்குப் போனவள், போன மாதம் அம்மாவிடம் கறாராகச் சொன்னாள். "வட்ட மேசை செஞ்சு போடச் சொல்லும்மா. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைச் சோத்துக்கு நான் வரல." சொன்னபடியே வரவும் இல்லை. சேவியர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அகலமான பலகை தேட ஆரம்பித்தார்.

பட்டறையில் தூங்குமூஞ்சி மரப்பலகை ஒன்று இருந்தது. நீளம் நாற்பத்தெட்டு அங்குலம், அகலம் முப்பத்தாறு.

"நாலடிப் பலகைதானங்க, நாலடி வட்டம் வராதா?" என்றாள் மனைவி செபாஸ்தியம்மாள்.

"மூலைக்கு மூலை அஞ்சடி இருக்கு, அஞ்சடி வட்டம் கேளேன்" என்றார் சேவியர். சொல்லிவிட்டாரே ஒழிய, அவருக்கும் ஒரு நப்பாசை. நூலில் ஆணி கட்டிப் பார்த்தார். ஆரம் பதினெட்டு அங்குலத்தைத் தாண்டியதும் கோடு மேலேயோ கீழேயோ பலகையை விட்டு ஓடியது. வட்டத்துக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அகலம்தான். குறுகிய பக்கம் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் விட்டம். மூன்றடிக்கு மேல் ஒரு நூலிழைகூட வராது.

மூன்றடி போதும். வழக்கம்போல எதிர் மூலைகளைக் கோட்டால் இணைத்து, கோடுகள் வெட்டிய இடத்தில் ஆணி அடித்து வட்டம் போட்டார். அப்போதுதான் இடது விளிம்பின் நடுவில் முடிபோல ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. ஈரத்துணியால் துடைத்தார். தண்ணீர் இறங்கி, வெடிப்பு கறுப்பாகப் பத்து அங்குலம் உள்ளே ஓடியது. வட்டமோ இடது விளிம்பிலிருந்து ஆறாவது அங்குலத்திலேயே தொடங்கியது. நாலு அங்குல வெடிப்பு மேசைக்குள்.

வெடிப்பைத் தவிர்க்க வட்டத்தைச் சுருக்கினார். பத்தாவது அங்குலத்தில் தொடங்கினால் ஆரம் பதினாலு, விட்டம் இருபத்தெட்டு. அதை வரைந்து, மேலே நாலு தட்டுகளை வைத்துப் பார்த்தார். நடுவில் டம்ளர் வைக்கத்தான் இடம் இருந்தது.

"கொழம்புச் சட்டிய எங்க வைக்கிறது?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"மடியில வச்சுக்க." எரிச்சலில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வாசலுக்குப் போனார். அந்த ஞாயிறும் மகள் வரமாட்டாள். வேறு பலகை இந்த அகலத்துக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

திரும்பி வந்து செத்த நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் போட்ட மூன்றடி வட்டம் மேலும் கீழும் பலகை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. இடமும் வலமும் ஆறு ஆறு அங்குலம் சும்மா கிடந்தது. இந்த வட்டம் நடுவில்தான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? மூலைக்கோடு போடும் கைப்பழக்கம் தவிர வேறு யாரும் சொல்லவில்லை. அகலம் பிடித்து வைத்திருப்பது அளவைத்தான், இடத்தை அல்ல.

வலது விளிம்பிலிருந்து பதினெட்டு, மேலிருந்து பதினெட்டு, கீழிருந்தும் பதினெட்டு. அங்கே ஆணி இறங்கியது. வட்டம் மூன்று பக்கத்தையும் தொட்டுக்கொண்டு வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. இடது விளிம்பிலிருந்து இப்போது பன்னிரண்டாவது அங்குலத்தில்தான் தொடக்கம். வெடிப்பு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. ஆணித்துளை தெரியாமலிருக்க அந்தப் பக்கத்தை அடிப்பக்கம் ஆக்கினார். கோட்டுக்கு வெளியே அறுத்து, கோடுவரை அரத்தால் தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சகாயசெல்வி கணவன் அஜித்துடன் வந்தாள். அவனுக்கும் காது கேட்காது. நாலு தட்டு, நடுவில் கறிக்குழம்புச் சட்டி. எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிந்தது. சகாயசெல்வி கையால் ஏதோ சொல்ல அஜித் சிரித்தான். அப்பா உதட்டை மெதுவாக அசைத்து, "உப்பு போதுமாத்தா?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் தலையாட்டினாள். பிறகு தன் உடைந்த குரலில் கேட்டாள்:

"சின்னப்புள்ளயில, நாம வரிசையா உக்காந்து சாப்புடுறப்ப நீங்க ரெண்டு பேரும் தெனமும் சிரிப்பீங்கள்ல? எதுக்குப்பா சிரிச்சீங்க?"

சேவியர் வாயைத் திறந்தார். இருபது வருசத்துச் சிரிப்பில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மகள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.