வேகாத பருப்பின் கணக்கு

அன்று பதினொன்றாவது ஆளாக செல்வராணி உள்ளே வந்தபோது மணி இரண்டே கால். ஷாமளா இன்னும் சாப்பிடவில்லை. மலேசியாவின் யோங் பெங்கில் இருக்கும் அந்தச் சிறிய கிளினிக்குக்கு வாரத்தில் இரண்டு நாள் குளுவாங்கிலிருந்து காரில் வந்து போகும் உணவு ஆலோசகர் அவள். வயது முப்பத்து மூன்று. நாள் முழுக்க மற்றவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் பன் வாங்கித் தின்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

செல்வராணிக்கு நாற்பத்தொன்பது வயது. பத்து வாரத்துக்கு முன் முதல்முறை வந்தபோது எண்பத்து நான்கு கிலோ இருந்தாள். சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது, கல்லீரலில் கொழுப்பு, இரண்டு முட்டியிலும் வலி. எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். ஆனால் எடையை மட்டும் குறைத்தால் அவளுக்குப் போதாது. கணவர் லெட்சுமணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர்; மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எழுபது கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தினம் ஏழெட்டு முறை அவள்தான் தூக்கி மாற்றுகிறாள். மகள் லோஷினிக்கு சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள்.

"கொழுப்பு போகணும், சதை போகக் கூடாது" என்று அன்று ஷாமளா எழுதி வைத்தாள். செல்வராணி கல்யாணம் ஆன நாளிலிருந்து சைவம், முட்டையும் கிடையாது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு ஷாமளா கணக்குப் போட்டாள். கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். அதை எண்பத்து நான்கு கிலோவுக்குப் பெருக்கவில்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்புக்கெல்லாம் புரதம் ஊட்டத் தேவையில்லை. உயரத்துக்கு ஏற்ற எடையோடு, கூடுதலாக இருப்பதில் ஒரு பங்கை மட்டும் சேர்த்து அறுபத்தாறு கிலோ என்று வைத்துக்கொண்டாள். நாளைக்கு நூற்றைந்து கிராம். கூடவே வாரத்தில் மூன்று நாள் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி.

இப்போது தராசு எழுபத்தைந்து காட்டியது.

"ஒம்பது கிலோ! டாக்டர் என்ன சொன்னாரு?"

"பாகுஸ், நல்லா இருக்குன்னு சொன்னாரு மிஸ். சக்கரையும் எறங்கிருச்சாம்." செல்வராணியின் குரலில் சந்தோஷம் இல்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலைமுடி கொட்டுகிறது என்றாள். எப்போது பார்த்தாலும் பசி என்றாள்.

ஷாமளா கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கையைக் கட்டியபடி நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். முதல்முறை முப்பது வினாடியில் பதின்மூன்று தடவை எழுந்தவள், இன்று எட்டோடு நின்றுவிட்டாள். எட்டாவதில் தொடை நடுங்கியது. கைப்பிடி பலமும் இருபத்து நான்கு கிலோவிலிருந்து பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.

போனது கொழுப்பு மட்டும் இல்லை.

"அக்கா, பயிற்சி செய்யறீங்களா?"

"செய்யறேன் மிஸ். லோஷினி போன்ல பாத்துக்கிட்டே எண்ணுவா."

"சாப்பாடு? நூத்தஞ்சு கிராம் தெனமும் வருதா?"

"வருது."

இந்த 'வருது'வை ஷாமளா நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறாள். காலையிலிருந்து நின்ற கால் வலித்தது, வயிறு காந்தியது. குரலில் அது வெளியே வந்துவிட்டது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. வந்திருந்தா ஒடம்பு இப்படி ஆகாது லா. சும்மா கண்ணால பாத்துப் போட்டா கணக்கு தப்பிரும். உண்மைய சொன்னாத்தான் நான் ஏதாச்சும் செய்ய முடியும்."

செல்வராணி கைப்பையைத் திறந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

எழுபது நாள். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. காலை, மதியம், மாலை, இரவு என்று கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தராசில் நிறுத்த கிராம், அதற்குப் பக்கத்தில் புரதம். பருப்பு 150, புரதம் 36. கொண்டைக்கடலை 150, புரதம் 30. தெம்பே என்ற சோயாக் கட்டி 100, புரதம் 20. பால் ஒரு கிளாஸ், 8. சோறு, காய், சப்பாத்தி எல்லாம் சேர்த்து 11. கூட்டினால் 105. அடுத்த நாள் 104. அதற்கடுத்த நாள் 107. ஒரே ஒரு நாள் மட்டும் 71 என்று இருந்தது. பக்கத்தில் 'விழுந்தோம்' என்று எழுதியிருந்தாள்.

"இது என்னக்கா?"

"போன மாசம். பாத்ரூம்ல அவர தூக்கிவிடறப்ப கை விட்டுப்போச்சு. அவருக்கு அடிபடக் கூடாதுன்னு நான் அடியில போய்ட்டேன். ரெண்டு பேரும் தரையில. என்னால எந்திரிக்க முடியல, அவராலயும் முடியாது. பக்கத்து வீட்டு கஸ்தூரி சாமான் வாங்கிட்டு வர்ற வரைக்கும் முக்கா மணி நேரம் அப்படியே கெடந்தோம். அவரு அழுதுட்டாரு. நான் அழல. எனக்கு அழக்கூட தெம்பு இல்ல மிஸ்."

ஷாமளா மறுபடி நோட்டைப் பார்த்தாள். கணக்கில் தப்பில்லை. கூட்டலில் தப்பில்லை. ஆனால் உடம்பு பொய் சொல்லாது. பருப்பு வரியில் விரலை வைத்தாள்.

"இந்த நூத்தம்பது கிராம எப்படி நிறுத்தீங்க?"

"வேகவச்சு, கெட்டியா கடைஞ்சு, கிண்ணத்த தராசுல வச்சு நிறுப்பேன்."

"வெந்த பெறகா?"

"ஆமா. சாப்புடறதத்தான நிறுக்கணும்? கோழிக்கு அப்படித்தான போட்டிருக்கீங்க." நோட்டின் பின்னட்டையில் மடித்து ஒட்டியிருந்த தாளைப் பிரித்துக் காட்டினாள்.

அது ஷாமளா தயாரித்த தாள். கோழி, மீன் வரிகளில் 'வேகவைத்தது' என்று இருந்தது. அவளே சைவக்காரர்களுக்காக அவசரமாகச் சேர்த்த நான்கு வரிகளில் அது இல்லை. பருப்பு 100 கிராம், புரதம் 24. கொண்டைக்கடலை 100 கிராம், புரதம் 20. இரண்டும் காய்ந்த, வேகாத பருப்புக்கு உள்ள எண்கள். வெந்தால் தண்ணீரைக் குடித்துப் பருத்துவிடும். நூறு கிராமில் எட்டோ ஒன்பதோதான் மிஞ்சும்.

அவள் பேனாவை எடுத்து ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். முப்பத்தாறு இல்லை, பன்னிரண்டு. முப்பது இல்லை, பதின்மூன்று. மொத்தம் அறுபத்து நான்கு. கிலோவுக்கு ஒரு கிராம்கூட முழுசாக வரவில்லை. சாப்பாட்டின் சக்தியும் அதோடு சேர்ந்து குறைந்துபோயிருந்தது. அதனால்தான் எடை இவ்வளவு வேகமாக இறங்கியது, அதனால்தான் அந்தப் பசி.

மூடிய கதவுக்கு வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். 'திட்டத்தைக் கொஞ்சம் மாத்தலாம் அக்கா' என்று சொல்லிவிட்டுப் புதுத் தாள் கொடுத்தால் போதும். செல்வராணி எதுவும் கேட்கமாட்டாள். அந்த எண்ணம் ஷாமளாவுக்கு வந்தது, வந்ததை அவள் கவனித்தாள்.

"அக்கா," என்றாள். "தப்பு உங்க மேல இல்ல. என் தாள்ல. நான் வேகாத பருப்போட கணக்க போட்டுட்டு, வேகாததுன்னு எழுதாம விட்டுட்டேன். நீங்க நூத்தஞ்சுன்னு நெனச்சு சாப்பிட்டது அறுபத்தி நாலு."

செல்வராணி அவளையே பார்த்தாள்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் செஞ்சேனா?"

"நீங்க செஞ்ச மாதிரி யாருமே செஞ்சதில்ல."

அப்போதுதான் செல்வராணிக்கு அழுகை வந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்தான் சோம்பேறின்னு நெனச்சேன் மிஸ். வயசாயிருச்சு, ஒடம்பு வணங்கலன்னு என்னையே திட்டிக்கிட்டேன்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரல் மாறிச் சொன்னாள்: "அவரு மண்டையில அடிபட்டிருந்தா என்ன மிஸ் செஞ்சிருப்பீங்க?"

"மன்னிச்சிருங்க அக்கா" என்றாள் ஷாமளா. செல்வராணி தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து மறுபடி போட்டார்கள். எடை குறைந்ததால் இலக்கையும் குறைக்கலாமா என்று செல்வராணி கேட்டாள். "வேணாம். நூத்தஞ்சு அப்படியே இருக்கட்டும். போன சதைய மீட்கணும். அதோட பருப்புப் புரதம் இறைச்சி மாதிரி முழுசா ஒட்டாது, கொஞ்சம் கூட இருந்தாத்தான் நல்லது." ஆனால் பருப்பிலேயே அவ்வளவையும் எடுத்தால் வயிறு தாங்காது. காலையில் காய்ந்த சோயா உருண்டை நாற்பது கிராம், ஊறவைக்கும் முன் நிறுத்து, கூட ஒரு கிளாஸ் பால். மதியம் தெம்பே நூற்றைம்பது. சாயங்காலம் சீனி போடாத சோயா பால். இரவு தௌகுவா என்ற கெட்டி சோயா பனீர் இருநூறு கிராம், கொஞ்சம் பருப்பு. ஒரே வேளையில் குவிக்காமல், மூன்று வேளையும் முப்பதுக்குப் பக்கத்தில் வரும்படி. நான்கு வாரத்துக்கு எடை குறைப்பதையே நிறுத்தி வைப்பது. அதன்பிறகு மெதுவாக, மாதத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ.

ஒவ்வொரு வரியிலும் 'வேகுமுன்', 'வெந்தபின்' என்று ஷாமளா கையால் எழுதினாள். கணவரைத் தனியாளாகத் தூக்காமல் சறுக்கி மாற்ற ஒரு பலகை உண்டு என்று சொல்லி, பிசியோவுக்குக் கடிதமும் கொடுத்தாள்.

வெளியே இருந்த மூன்று பேரையும் பார்த்து முடித்த பிறகு, அந்தத் தாளை யார் யாருக்கெல்லாம் கொடுத்தோம் என்று பட்டியல் எடுத்தாள். பத்தொன்பது சைவக்காரர்கள். டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, எழுதிக் கொடுக்கச் சொன்னார். அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நான்கு பேர் எடுக்கவில்லை. "எந்தத் தாள் மிஸ்?" என்று கேட்டவர்கள் ஏழு பேர். ஆறு பேர் கண்ணளவில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஜயன் என்ற ஜிம் வாத்தியார், "அந்தத் தப்ப நான் அப்பவே பாத்து மாத்திட்டேன், உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்" என்று சிரித்தார். ஷாமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தராசு வாங்கி, எழுதி, கூட்டி, அவள் சொன்னதை அப்படியே நம்பியது, தெரிந்தவரை அந்தப் பத்தொன்பதில் ஒருத்திதான். அடிபட்டதும் அவள்தான்.

மூன்று மாதம் கழித்து செல்வராணி வந்தாள். எடை எழுபத்து மூன்று. முப்பது வினாடியில் பன்னிரண்டு தடவை எழுந்தாள். முடி கொட்டுவது நின்றிருந்தது.

"ஒம்பது கிலோ குறைஞ்சப்ப எல்லாரும் கேட்டாங்க, என்ன செஞ்சேன்னு. இப்ப ரெண்டு கிலோ. யாரும் கேக்கல" என்றாள்.

"பலகை?"

"பலகையிலதான் மாத்தறேன். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தூக்கத்தான் வேண்டியிருக்கு. பாத்ரூம்ல பலகை வைக்க எடமில்ல." தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "தௌகுவாவ பாத்தாலே வெறுப்பா வருது மிஸ். இருந்தாலும் சாப்புடறேன்."

நோட்டு இரண்டாவதாகிவிட்டிருந்தது. ஷாமளா அதை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினாள். வெளியே ஆட்கள் இருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.