தீக்குச்சி பற்றாத காளிராஜ்

காளிராஜ் பக்கத்தில் நின்றால் தீக்குச்சி பற்றாது. எம். புதுப்பட்டியில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை, சங்கடமாகத்தான் பேசினார்கள். அவன் பட்டாசுக் கம்பெனி முதலாளி பலவேசத்தின் ஒரே மகன். அவன் வருவது தெரிந்தால் டீக்கடையில் பீடிக்காரர்கள் அவசரமாகப் பற்றவைத்துக்கொள்வார்கள். கலியாண வீடுகளில் அவனுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டு, அடுப்புப் பக்கம் போகாமல் மரியாதையாக அனுப்பிவைப்பார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அவன் அம்மா பாலம்மாள் காய்ச்சலில் போனாள். பையனுக்குப் பதினோரு வயது. உதடு கோணி, மூச்சு ஏறி, அழுகை வாய்வரைக்கும் வந்துவிட்டது. பலவேசம் அவன் தோளை அழுத்திப் பிடித்து, "ஏலே, ஆம்பளப் பிள்ளை அழுவியா? நாலு பேரு பாக்காக" என்றார். பையன் விழுங்கினான். பலவேசமும் தன்னுடையதை விழுங்கினார். அதை யாரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றுவதற்குள் ஒரு பெட்டித் தீக்குச்சி முழுவதும் தீர்ந்துபோயிற்று.

அப்போது காளிராஜுக்கு ஒரு கூட்டாளி இருந்தான், சுந்தரபாண்டி, விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருவரும் தோளில் கைபோட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். ஒருநாள் கண்மாய்க் கரையில் காளிராஜ், "அம்மா சேலையை இன்னும் துவைக்கலடா, வாசம் போயிரும்னு" என்று ஆரம்பித்தான். சுந்தரபாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அந்நேரம் பெரிய வகுப்புப் பையன்கள் வந்துவிட்டார்கள். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சௌக்கியமா?" என்று ஒருவன் கேட்க, கரையே சிரித்தது. சுந்தரபாண்டி கையை உதறினான். தன்மேல் விழுந்த சிரிப்பைத் தள்ளிவிட வேறு வழி தெரியாமல் அவனும் சேர்ந்து சிரித்தான். அதன்பிறகு அவர்கள் பேசியதெல்லாம் கபடியும் சவாலும்தான். கட்டிப்பிடிக்க ஆசை வந்தால் முதுகில் ஓங்கி ஒன்று வைப்பார்கள். "எப்படிலே இருக்க?" என்று ஒருவன் கேட்டால், "எனக்கென்ன கேடு?" என்பான் மற்றவன். கோபம் ஒன்றுக்குத்தான் அனுமதி இருந்தது. மற்றதெல்லாம் அதன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தது.

வருஷங்கள் போகப்போகக் காளிராஜைச் சுற்றி ஈரம் கூடியது. காயப்போட்ட சரவெடியை அவன் தாண்டிப் போனால் நமுத்துவிடும். பையனுக்கு ஆண்மை போதவில்லை என்று பலவேசம் முடிவு கட்டினார். பச்சை முட்டை கொடுத்தார், சிலம்பத்துக்கு அனுப்பினார், மீசை வைக்கச் சொன்னார். மீசை நன்றாகவே வளர்ந்தது, அதிலிருந்தும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

அறுபத்தைந்தாம் வருஷம், தீபாவளி சீசன் உச்சத்தில், சுந்தரபாண்டி கம்பெனி வாசலுக்கு வந்தான். அப்பா படுக்கையில் விழுந்தபின் காட்டு வெள்ளாமையை அவன்தான் பார்த்தான். மழை பொய்த்துக் கிணறு வற்றி, மிளகாய் கருகியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் மீசையைத் தடவி, "சமாளிச்சிருவேன்" என்றிருந்தான். பட்டாசு காயப்போடும் களத்து ஓரத்தில் நின்ற காளிராஜைப் பார்த்ததும், "ஏலே மூதேவி" என்று வழக்கம்போல ஆரம்பித்தான். தலைத்துண்டை உருவிக் கையில் சுருட்டினான்.

"என்னலே?" என்றான் காளிராஜ்.

"என்னால முடியலலே. கெணத்து விளிம்புல போய் உக்காந்து உள்ளயே பாத்துக்கிட்டு இருக்கேன். பயமா இருக்கு. யார்ட்டயாச்சும் சொல்லணும்னு வந்தேன்."

காளிராஜ் வேலையாட்கள் பார்க்கிறார்களே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் கையைப் பிடித்தான். "இனி தனியா அங்கன போகாத. ராத்திரி எங்க வீட்டுல படு. காலையில நானும் காட்டுக்கு வாரேன்" என்றான். சொல்லும்போதே பத்து வருஷத்து அழுகையும் வந்துவிட்டது. கண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடி, ஓடையில் இறங்கி, சாத்தூர் ரோட்டைக் கடந்தது. களத்தைக் கவனிக்கும் மாரித்தாய் சரவெடித் தட்டுகளை மேடையில் ஏற்றச் சொல்லிவிட்டு, "ரொம்ப நாள் சரக்கு. மெதுவா எறங்கட்டும்" என்றாள்.

சத்தம் கேட்டுப் பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஆம்பளைக ரெண்டு பேரும் நடுக்களத்துல..." என்று ஆரம்பித்தவர், மகன் முகத்தில் பாலம்மாளின் உதடு கோணுவதைக் கண்டு நின்றுபோனார். "எனக்கும் அவ நெனப்புத்தான்லே" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வரவில்லை. வெள்ளி மத்தாப்பு மாதிரிப் பொறி பொறியாகக் கொட்டியது. மகன் பெருக்கிய வெள்ளத்தில் விழுந்து அவை பத்திரமாக அணைந்தன.

மறுநாளிலிருந்து காளிராஜ் பக்கத்தில் தீக்குச்சி ஒழுங்காகப் பற்றியது. காலையில் அவன் சுந்தரபாண்டியோடு காட்டுக்குப் போனான். இருவரும் தோளில் கைபோட்டுப் போனார்கள். கேலி பேச வந்தவனிடம், "நீயும் வாலே, இந்தத் தோள் சும்மாதான் இருக்கு" என்றார்கள். பலவேசத்துக்குப் பொறி கொட்டுவது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை. முதலாளி பாலம்மாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாரித்தாய், "வெளிய வந்து உக்காருங்க மொதலாளி" என்று வெடிமருந்துக் கொட்டகையை விட்டுத் தள்ளி நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்று எதிரே உட்கார்ந்துகொள்வாள்.