மிசின் அரை வினாடி, ஆள் ஒரு நிமிஷம்

"அப்ப நான் போட்டா நிக்குது, மிசின் போட்டா விழுந்துருது. அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?" என்றான் குழந்தைவேல்.

"அதையேதான் நானும் கேக்கறேன்," என்றார் மருதாசலம். "நீ என்ன பண்றே?"

உதவிப் பொறியாளர் மருதாசலம் குரலை உயர்த்துகிற ஆளில்லை. கேட்டுவிட்டு, அந்த மிசின் பெட்டியின் கண்ணாடி மூடியில் ஒட்டியிருந்த அரக்கு முத்திரையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். முத்திரை உடையவில்லை. உடையாததுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், சோளக்காட்டு ஓரத்தில் அந்தத் துணை மின்நிலையம் இருந்தது. மேட்டூரிலிருந்து வரும் கரண்ட் அங்கே பிரிந்து, ஒரு கம்பி வரிசை நூல் மில்லுக்கும் வழியில் இருக்கிற நாலு ஊருக்கும் போகும். கம்பியில் எங்காவது பொறி தட்டினால் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் பிரேக்கர் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்திவிடும். திரும்பப் போடுவது ஆபரேட்டர் வேலை. குழந்தைவேல் மீட்டர் முள்ளைப் பார்ப்பான், பதிவேட்டில் மணி எழுதுவான், பிறகு கைப்பிடியைத் தள்ளுவான். எப்படிப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் ஆகும்.

பங்குனி பிறந்த கையோடு அதற்கு ஒரு மிசின் வந்தது. சின்னப் பெட்டி. பிரேக்கர் விழுந்தால் உள்ளே ஒரு பொடி மோட்டார் சுற்றி, குறித்து வைத்த நேரம் முடிந்ததும் பிரேக்கரைத் தானே மூடிக் கரண்டைத் திரும்பக் கொடுக்கும். மூடின கையோடு மறுபடி விழுந்தால், இது நிஜமான கோளாறு என்று தன்னைப் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு மாதம் சோதனை. தேறிவிட்டால் இங்கே மூன்று ஆபரேட்டர் தேவையில்லை, ஒருவர் போதும். கடைசியாகச் சேர்ந்தவன் குழந்தைவேல். முதலில் கிளம்ப வேண்டியவனும் அவன்தான். ஆத்தூருக்குக் கிழக்கே ஏதோ ஒரு மூலைக்கு. அவன் மனைவி சாலம்மாள் அந்த மாதமே தறி வாடகைக்குப் பேசி முன்பணம் கொடுத்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து மிசின் தோற்றுக்கொண்டே இருந்தது. அதுவும் ஒரே நேரத்தில். பொழுது இறங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிரேக்கர் படாரென்று விழும். அரை வினாடியில் மிசின் மூடும். அடுத்த நொடியே திரும்ப விழுந்து பூட்டிக்கொள்ளும். மில்லில் இருந்து போன் வரும். குழந்தைவேல் வழக்கம்போல ஒரு நிமிஷம் கழித்துக் கையால் போடுவான். கல்லுப் போல நிற்கும். பதினெட்டு நாளில் பதினான்கு நாள் இப்படி.

மருதாசலம் சென்ற வருஷத்துப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். எழுபத்தொரு தடவை விழுந்திருக்கிறது. அதில் அறுபத்திரண்டு தடவை போட்டதும் நின்றிருக்கிறது. அவருக்கு அது புதிதில்லை. இடி இறங்கும், காக்கை உரசும், காற்றில் ஓலை வந்து மோதும். எரிவது கம்பியில்லை, கம்பிக்கு நடுவில் இருக்கும் காற்று. கரண்டை நிறுத்தினால் அந்தச் சூடான காற்று கொஞ்சத்தில் ஆறி, பழையபடி வெறும் காற்றாகிவிடும். பீங்கான் உடைந்ததும் கம்பி அறுந்து விழுந்ததும் எட்டு ஒன்பது தடவைதான். இதை நம்பித்தான் மிசினே செய்திருக்கிறார்கள். அப்படி இருக்க இங்கே மட்டும் மிசின் கைவிட்டால், யாரோ விட வைக்கிறார்கள். இது அவர் கணக்கு. யாருக்கு லாபம் என்று பார்த்தால் ஒரே ஆள்தான் தெரிந்தான்.

"சனிக்கிழமை ரிப்போர்ட் அனுப்பணும். அதுல உன் பேரு இருக்கறதும் இல்லாததும் உன் கையிலதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தார். அன்று வியாழக்கிழமை. பேர் போனால் வேலையே போகும். ஆத்தூரும் கிடைக்காது.

குழந்தைவேலுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது லைன்மேன் காளியண்ணன் மேல். விடிந்ததும் கம்பி வழியே நடந்து பார்ப்பது அவன் வேலை. பதினான்கு நாளும் "ஒண்ணுமில்லை" என்றே எழுதியிருந்தான். அது எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்? அவன் நடக்கவே இல்லை, சாயாக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறான் என்று குழந்தைவேல் முடிவு கட்டியிருந்தான். அதை முகத்துக்கு நேரே கேட்டும் விட்டான்.

காளியண்ணன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "ஏனுங்க, செருப்பைத் திருப்பிக் காட்டட்டுங்களா? தோப்புக்குள்ள போனா இலுப்பைப் பூவா ஒட்டிக் கிடக்குது. அங்க நமக்கு முன்னால அந்தக் கிழவி சின்னாயி வந்து கூட்டிப் பொறுக்கிட்டு இருக்கறா. வேற ஒரு ஈ காக்கா இல்லீங்க."

"அவ எப்ப வர்றா?"

"நான் போறப்ப அவ கூடை ரொம்பிருக்கும். விடியறதுக்கு முன்னாலயே வந்துருவா போலிருக்குது."

கூடை நிரம்ப என்ன இருந்தது என்று காளியண்ணன் பார்த்ததில்லை. மேலே பூ இருந்ததை மட்டும் பார்த்திருந்தான். கம்பி அந்த இலுப்பைத் தோப்பின் நடுவே போகிறது. குழந்தைவேலின் சந்தேகம் இப்போது சின்னாயி மேல் போய் உட்கார்ந்தது.

மறுநாள் அவன் மருதாசலத்திடம் ஒன்று கேட்டான். இன்றைக்கு மட்டும் மிசினை நிறுத்தி வையுங்கள், நீங்களே பேனல் முன்னால் உட்காருங்கள், விழுந்தால் ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் போடுங்கள், நான் தோப்பில் இருக்கிறேன் என்றான். மருதாசலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோப்பில் நின்று கம்பி மேல் எதையாவது எறிய மாட்டான் என்று என்ன நிச்சயம்? கடைசியில் காளியண்ணனையும் கூட அனுப்பினார். "இவன் கையை விட்டுக் கண்ணை எடுக்காதே," என்று அவனிடம் தனியாகச் சொன்னது குழந்தைவேல் காதிலும் விழுந்தது.

அவர்கள் போனபோது சின்னாயி ஏற்கெனவே அங்கே ஒரு மரத்தடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இந்த நேரத்துக்குப் பூ பொறுக்க யாரும் வரமாட்டார்கள். இவர்களைப் பார்த்ததும் கூடையைப் பின்னால் தள்ளினாள். காளியண்ணன் குழந்தைவேலின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேற்கே சிவப்பு மங்கினபோது தலைக்கு மேலே தோல் உதறுகிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாதபடி வவ்வால். பழந்தின்னி வவ்வால், விரித்தால் முழ முழமாக இறக்கை. பூ வாசத்துக்கு மரம் மரமாக இறங்கின. அதில் ஒன்று கிளைக்குப் பதிலாகக் கம்பியைப் பிடித்தது. தலைகீழாகத் தொங்கி, நிலைகொள்ளாமல் இறக்கையை விரித்தது. இறக்கை பக்கத்துக் கம்பியைத் தொட்டது.

நீல வெளிச்சம் ஒரு தடவை வெட்டியது. சாட்டையைச் சொடுக்கின மாதிரி ஒரு சத்தம். தூரத்தில் மில் ஜன்னல்கள் மொத்தமாக இருண்டன.

குழந்தைவேல் வாய்விட்டு எண்ணினான். ஒன்று. வவ்வால் அப்படியே இருந்தது, நகம் ஒரு கம்பியில், இறக்கை மறு கம்பியில். இரண்டு. மூன்று. இறக்கை துவண்டது. நான்கு. கம்பியை விட்டு நழுவியது. ஆறு எண்ணும்போது உடம்பு மண்ணில் பொத்தென்று விழுந்தது.

சின்னாயி எழுந்தாள். குழந்தைவேல் கையை நீட்டி மறித்தான். "இருங்காத்தா, லைன் இன்னும் வரலை. இப்ப வந்துரும். கம்பிக்கு அடியில போகாதீங்க."

நிமிஷம் முடிந்ததும் மில் ஜன்னல்கள் ஒன்றாக எரிந்தன. அணையவில்லை. அதற்குப் பிறகுதான் அவளை விட்டான். அவள் வாழை இலையில் வவ்வாலைச் சுருட்டிக் கூடைக்குள் பூவுக்கு அடியில் வைத்தாள்.

"நெஞ்சுச் சளிக்கு ஆகும்னு நாமக்கல்லுல இருந்து வந்து கேக்கறாங்க சாமி," என்றாள். "ராத்திரி விழறதை நரி இழுத்துட்டுப் போயிருது. அதான் இருட்டறப்பவும் விடியறப்பவும் வந்து எடுத்துக்கறேன். கேசு கீசு போட்டுறாதீங்க."

காளியண்ணன் தலையைச் சொறிந்தான். பதினான்கு நாளாக அவன் எழுதின "ஒண்ணுமில்லை" பொய்யில்லை. இருந்ததெல்லாம் அந்தக் கூடைக்குள் போயிருந்தது.

திரும்பி வரும் வழியில் குழந்தைவேலுக்கு மீதியும் விளங்கிவிட்டது. மில்காரர்கள் கேட்டுக்கொண்டபடி மிசினுக்கு அரை வினாடி வைத்திருந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் கரண்ட் திரும்ப வந்துவிட்டால் மில் மோட்டார்கள் விடாமல் ஓடும். இடிக்கு அது போதும். அடித்துவிட்டுப் போய்விடும் இடி. வவ்வால் போகாது. நழுவி விழ அதற்கு நாலைந்து எண்ணிக்கை வேண்டும். மிசின் அரை வினாடியில் மூடியபோதெல்லாம் இறக்கை இன்னும் கம்பியிலேயே இருந்தது. அவன் ஒரு நிமிஷம் கழித்துப் போட்டது எப்போதும் நின்றது, அவன் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. அவன் மெதுவான ஆள், அவ்வளவுதான்.

காளியண்ணன் நடையைக் குறைத்தான். "ஒண்ணு சொல்றேனுங்க. வவ்வாலுனு மட்டும் சொல்லுங்க. உங்க பேரு சுத்தமாயிரும். எண்ணுனீங்களே, அதைச் சொல்லாதீங்க."

குழந்தைவேல் நின்றான்.

"அதைச் சொன்னா அவரு நேரத்தைக் கூட்டி வெப்பாரு. மிசின் தேறிரும். நீங்க ஆத்தூரு. சொல்லாட்டி இந்த ஊருக்கு இந்த மிசின் ஆகாதுன்னு கழட்டிக்கிட்டுப் போயிருவாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வாசல் கேட் வரைக்கும் சாலம்மாளின் தறி அவன் தலைக்குள் லொடக்கு லொடக்கென்று ஓடியது.

மருதாசலம் கடிகாரத்தோடு வெளியே நின்றிருந்தார். வவ்வாலைச் சொன்னான். கூடையைச் சொன்னான். அவர் காளியண்ணனைப் பார்த்தார், அவன் ஆமாங்க என்றான். விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். அவர் திரும்பி உள்ளே போக ஒரு அடி வைத்தார்.

"ஆறு எண்ணுனேனுங்க," என்றான் குழந்தைவேல். "நாலுல கம்பிய விட்டுது. அரை வினாடி பத்தாதுங்க. பதினஞ்சு வெச்சுப் பாருங்க."

"நாலு போதும்னா எதுக்குப் பதினஞ்சு?"

"எல்லா வவ்வாலும் ஒரே மாதிரியா விழும்? இன்னைக்கு நாலு, நாளைக்கு எட்டு. பதினஞ்சுக்கு மேலயும் தொங்குச்சுன்னா அது பூட்டிக்கட்டுமுங்க. கம்பி அறுந்து மண்ணுல கெடந்தா, திரும்பத் திரும்பப் போட்டு ஆளைக் கொல்லக்கூடாது."

மில் மோட்டார் நின்றுவிடுமே என்றார் மருதாசலம். இப்பவும் தினம் நிற்கத்தானே செய்கிறது, மிசின் பூட்டிக்கொண்டு, அவர்கள் போன் பண்ணுகிற வரைக்கும் நிற்கிறது என்றான் அவன். அவர் உள்ளே போய் மிசினுக்கு முன்னால் நின்றார். பிறகு அரக்கு முத்திரையைத் தானே உடைத்து, முள்ளைப் பதினைந்துக்குத் திருப்பினார்.

சனிக்கிழமை பொழுது இறங்கினபோது மூன்று பேரும் பேனல் முன்னால் நின்றார்கள். பிரேக்கர் விழுந்தது. பெட்டிக்குள் பொடி மோட்டார் முனகியது. பதினைந்து வினாடி அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படாரென்று மூடியது. மீட்டர் முள் துள்ளி, ஆடி, நின்றது. பிரேக்கர் விழவில்லை.

மருதாசலம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். மிசின் தேறியது என்று எழுதினார். குழந்தைவேல் பேரை எங்கும் எழுதவில்லை. எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேறுனா உனக்குத்தானே நஷ்டம். பின்ன எதுக்குச் சொன்னே? இதுல வேற என்ன வெச்சிருக்கே?"

குழந்தைவேல் பதிவேட்டை இழுத்து, பிரேக்கர் விழுந்த மணியை எழுதினான். வெளியே காளியண்ணன் பீடி பற்ற வைத்தபடி, இவன் பைத்தியமா, பெரிய ஆளா என்று இன்னும் தீர்மானிக்க முடியாமல் நின்றிருந்தான். நீங்கள் சொல்லுங்கள், அந்தக் கேட்டுக்கு முன்னால் நீங்கள் நின்றிருந்தால், அந்த ஆறு எண்ணிக்கையைச் சொல்லியிருப்பீர்களா?