நடுவழியில் எண்பதாயிரம்

அந்தக் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் கணக்கு பார்க்கிறவளை எல்லாரும் பில்லக்கா என்றே கூப்பிட்டார்கள். பில் போடுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, கேட் சீட்டு எழுதுவது, மூன்றும் அவள் வேலை. அவள் சீட்டு இல்லாமல் ஒரு குஞ்சு வாசலைத் தாண்டாது. கேட்க என்னவோ பெரிய அதிகாரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் போன மாதம் அந்த அதிகாரமே அவள் தலையில் விழுந்திருந்தது.

எவனோ ஒருத்தன் பணம் கட்டிவிட்டதாக வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பச்சை டிக், தொகை, பொரிப்பகத்தின் பெயர், எல்லாம் லட்சணமாக இருந்தன. அவசரத்தில் அவளும் எட்டுப் பெட்டிக் குஞ்சை வெளியே அனுப்பிவிட்டாள். சாயங்காலம்தான் உறைத்தது. யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் என்றால் பன்னிரண்டு இலக்கம் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் பத்துதான் இருந்தது. படுபாவி, ரெண்டு இலக்கம் குறைத்து முப்பத்திரண்டாயிரத்தை வாரிக்கொண்டு போய்விட்டான்! முதலாளி அதை அவள் சம்பளத்தில் மாதம் நாலாயிரமாகப் பிடிக்க ஆரம்பித்தார். "நம்ம கணக்குல ஏறினதைக் கண்ணால பாக்காம ஒரு குஞ்சு வெளிய போகக்கூடாது. இன்னொரு தடவை நடந்தா நீ வேற இடம் பாத்துக்க" என்று சொல்லியும் வைத்தார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா? அன்றிலிருந்து அவள் எந்த ரசீதையும் மூன்று தடவை படித்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வெல்டர் வந்து சேர்ந்தான். சொந்த மெஷினை வைத்துக்கொண்டு பட்டறைகளில் கூலிக்கு வெல்டிங் செய்கிறவன். கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு கோழிக் கொட்டகை போட்டிருந்தான். முதல் தொகுதி, இரண்டாயிரம் குஞ்சு, இருபது பெட்டி, எண்பதாயிரம். காலை எட்டே முக்காலுக்கு அலுவலக ஜன்னலில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினான். அவன் போனுக்குப் பணம் பிடித்த மெசேஜும் வந்துவிட்டது. ஆனால் செயலியில் மஞ்சள் நிறத்தில் 'பெண்டிங்' என்று நின்றது.

பில்லக்காவின் கணக்கில் ஒன்றும் வரவில்லை.

"பணம் போயிடுச்சுக்கா, பாருங்க" என்று அவன் போனை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"உங்க கணக்குலேருந்து போயிடுச்சு. எங்க கணக்குக்கு வரல. பெண்டிங்னா ரெண்டு பக்கமும் சாயும் தம்பி. இங்க வந்தாலும் வரும், உங்களுக்கே திரும்பினாலும் திரும்பும். கொஞ்சம் பொறுங்க."

பொறுப்பது குஞ்சுகளுக்குத் தெரியுமா? பெட்டிகளைத் தகரக் கூரைக்குக் கீழே ஏற்றுமேடையில் இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே குஞ்சு வைக்கும் அறையில் அடுத்த பொரிப்பின் குஞ்சுகள் வந்து நிரம்பிவிட்டன. திருப்பி வைக்க இடமில்லை. பத்து மணிக்கே தகரம் காய ஆரம்பித்துவிட்டது. முதலில் கீச்கீச்சென்று கத்தின குஞ்சுகள் இப்போது வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. பெட்டியின் ஓட்டைகளில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வெல்டர் ஓடி வந்தான். வேன்காரர் ஒரு பக்கம் "எனக்கு அடுத்த வாடகை இருக்கு" என்று அரைமணிக்கொருதரம் ஆரனை அழுத்தினார்.

பில்லக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கணினியில் கணக்கைப் புதுப்பித்துப் பார்ப்பாள், எழுந்து போய்ப் பெட்டியைப் பார்ப்பாள், திரும்ப வந்து புதுப்பிப்பாள். போன தடவை ஏமாந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பத்தரைக்கு வெல்டர் கூரை அதிரக் கத்தினான். "அக்கா! சக்ஸஸ் வந்துடுச்சு!"

வேன்காரர் பெட்டியைத் தூக்கவே குனிந்துவிட்டார். பில்லக்கா வெளியே ஓடிப்போய் அவன் கையிலிருந்த போனை வாங்கினாள். சக்ஸஸ்தான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது. 'டீம்டு சக்ஸஸ்'.

"வைங்க பெட்டியை! இது வேற."

"என்னக்கா வேற? சக்ஸஸ்னா சக்ஸஸ்தானே!"

"டீம்டுன்னா, ஆனதா எடுத்துக்கறாங்கன்னு அர்த்தம். உங்க பேங்க் பணத்தைப் பிடிச்சுக் கொடுத்துடுச்சு. எங்க பேங்க் 'வாங்கிட்டேன்'னு பதில் சொல்லல. பெண்டிங் மாதிரி ரெண்டுங்கெட்டான் இல்ல, கெட்டுப்போனதும் இல்ல. பணம் நடுவழியில நிக்குது."

"சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கலைன்னு சொல்லுங்க" என்றான் வெல்டர். சிரிப்பதற்குத்தான் சொன்னான். ஆனால் அவன் கண் பெட்டிகளை விட்டு நகரவில்லை.

முதலாளி வெளியூரில் புது மெஷின் பார்க்கப் போயிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"ரொம்ப சிம்பிள்" என்றார் அவர். "இன்னொரு தடவை கட்டச் சொல்லு. முதல் பணம் வந்தா திருப்பிக் கொடுத்துக்கலாம்."

திருப்பிக் கொடுக்கிறாராம்! நாலு மாதத்துக்கு முன் இப்படி இரண்டு முறை கட்டின ஒரு பண்ணைக்காரருக்கு இன்னும் 'அடுத்த குஞ்சுல கழிச்சுக்கலாம்' என்றுதான் பதில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவளே இவள்தான்.

ஆனால் இதற்குள் முதலாளி சொன்னது காதில் விழுந்து, வெல்டர் தன் மச்சானோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு எண்பதாயிரம், இன்றைக்கே, வட்டி எவ்வளவானாலும் சரி. அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது. மச்சானிடம் கை நீட்டுவது எவனுக்குத்தான் இனிக்கும்?

"போனை வைங்க" என்றாள் பில்லக்கா. "இன்னொரு தடவை கட்டாதீங்க."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கே முழுதாகப் புரியவில்லை. அவன் போனை வாங்கி மேசையில் வைத்து, படம் எதையும் நம்பாமல், செயலியைத் தானே மூடித் திறந்தாள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலுக்குப் போய் அந்தப் பணத்தைத் தொட்டாள். நிலையை மறுபடி கேட்டாள். டீம்டு சக்ஸஸ். ரெஃபரன்ஸ் நம்பரை விரலை வைத்து எண்ணினாள். பன்னிரண்டு. பணம் பெறுபவர் பெயர், பொரிப்பகத்தின் பதிவுப் பெயர். கணக்கு எண் போட்டு அனுப்பும் நெஃப்ட் என்றால் பெயரையும் அனுப்புகிறவனே தட்டுவான், அதை நம்பி ஒன்றும் ஆகாது. பேங்க் பார்ப்பது கணக்கு எண்ணைத்தான். இந்த யுபிஐயில் பெயரைக் காட்டுவதே பேங்க். கணக்கின் கடைசி நாலு இலக்கமும் சரி.

அப்புறம்தான் தன் பதிவேட்டைப் பார்த்தாள். எட்டே முக்காலுக்குப் பிறகு மூன்று பேர் சில்லறைத் தொகை அனுப்பியதாகச் சொன்னதை அதில் குறித்து வைத்திருந்தாள். அவற்றில் ஒன்று கூடக் கணக்கில் ஏறவில்லை. ஆக, கோளாறு இவனிடம் இல்லை. நம் பேங்கில்!

கிளைக்குப் போன் போட்டாள். அதிகாரி பன்னிரண்டு இலக்கத்தையும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "இந்த நம்பர் எங்ககிட்ட வந்து நிக்குதும்மா. காலைல சிஸ்டம் திணறிடுச்சு. கணக்குல ஏறல, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பாத்து ஏத்திடுவாங்க."

"எப்ப சார்?"

"இன்னைக்கோ நாளைக்கோ. கடைக் கணக்குன்னா சிலது இழுக்கும். அஞ்சு நாளைத் தாண்டாது. எங்களால ஏத்தவே முடியலைன்னா அவருக்கே திரும்பிடும்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"அது எப்படிம்மா முடியும்?" என்று வைத்துவிட்டார்.

அவருக்கென்ன, அவர் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்! இங்கே ஒரு பெட்டியில் மூன்று குஞ்சுகள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டன. வெல்டர் அவற்றை உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ரெஃபரன்ஸ் நம்பரையும் தேதியையும் எழுதி, 'இந்தப் பணம் வராவிட்டால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் கேட் சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

"என்னக்கா இது?" வெல்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டான். "எனக்காக நீங்க ஏன்..."

"உங்களுக்காக இல்ல. நான் எண்ணிப் பாத்தேன், அதுக்காக. கிளம்புங்க, குஞ்சு சாகுது."

வேன் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். பன்னிரண்டு மணி, வரவில்லை. மூன்று மணி, வரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து மூடினாள். எண்பதாயிரம் என்றால் மாதம் நாலாயிரமாக இருபது மாதம். ஏற்கெனவே ஓடுகிற பிடிப்பையும் சேர்த்தால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். தாளைப் படித்தார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு மதியம் பன்னெண்டு வரைக்கும் டைம். வரலைன்னா எண்பதும் உன் தலையில, வேலையும் கிடையாது."

"அஞ்சு நாள் ஆகலாம்னு பேங்க்ல..."

"பேங்க்காரன் சம்பளம் நான் கொடுக்கல. உன் சம்பளம்தான் கொடுக்கறேன்."

மறுநாள் காலையில் அவள் பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை பார்த்துவிட்டாள். ஒன்பது. பத்து. பத்தே முக்கால். முதலாளி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். ஒரே பக்கத்தைத்தான் அரைமணி நேரமாகப் படித்தார்.

பதினொன்று இருபதுக்கு வந்தது. முதலில் சில்லறைத் தொகை மூன்றும், பின்னாலேயே எண்பதாயிரமும். ரெஃபரன்ஸ் நம்பரைத் தாளோடு ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை, ராத்திரி முழுக்க அது அவள் வாயில்தான் இருந்தது. இருந்தாலும் ஒப்பிட்டாள்.

"வந்துடுச்சு."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அதான் வரும்னு சொன்னேனே" என்றார்.

அட, எப்போது சொன்னார்? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போன தடவை நான் எண்ணல. அந்த முப்பத்திரண்டாயிரத்தை நீங்க பிடிச்சுக்கங்க, அது என் தப்பு. இந்தத் தாளை இப்பவே கிழிங்க" என்றாள். அவர் கிழித்தார்.

அவள் உடனே வெல்டருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரே இரைச்சலாக இருந்தது.

"தம்பி, பணம் வந்துடுச்சு! குஞ்சு எப்படி இருக்கு?"

"எல்லாம் நல்லாத் தீனி எடுக்குதுக்கா. ராத்திரி குஞ்சு தூங்குச்சு, நான்தான் தூங்கல. நீங்க கையெழுத்துப் போட்டதே கண்ணுல நின்னுச்சு. நான் அங்கதான் வந்துட்டிருக்கேன். பஸ்ல."

"எதுக்கு?"

"பணத்தோட. காலைல பைக்கையும் வெல்டிங் மெஷினையும் கொடுத்துட்டேன். எண்பது தேறிடுச்சு. உங்க சம்பளத்துல கை வைக்க விடுவேனாக்கா?"

இரண்டாம் தடவை கட்ட விடக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடும்! இவன் என்னடாவென்றால் சோறு போடுகிற மெஷினையே தூக்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறான்.

"அட மடையா!" என்று கத்தினாள். அவளை அறியாமலே வந்துவிட்டது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "இறங்கு! இப்பவே இறங்கு! யார்கிட்ட வித்த? காசைத் திருப்பிக் கொடுத்துட்டு மெஷினை வாங்கு, அவன் வேற யாருக்காவது தள்ளிவிடறதுக்குள்ள!"

"நெசமாவே வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சுடா! பன்னெண்டு நம்பரும் சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம்" என்றான் அவன். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினான்.