ஏழு சிறங்கை செத்தல்

என் பெயர் மயூரதன். வயது இருபத்து மூன்று. கனடாவின் ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டு பேஸ்மெண்டில் இருக்கிறேன். விரலெல்லாம் மிளகாய் எரிவு, போனைத் தொட முடியாது. அதனால் நான் வாயால் சொல்லச் சொல்லப் போனே எழுதிக்கொள்கிறது. லண்டன், பாரிஸ், யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும். நடந்ததை வேறு மாதிரிச் சொல்ல இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

போன வருடம் காலமான அம்மம்மாவின் சமையல் கொப்பியை ஆங்கிலத்தில் புத்தகமாக்குவது ஆரணி அக்காவின் யோசனை. பெரியம்மாவின் மகள், இங்கே பிறந்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. ஆகவே நான் வாசித்து ஆங்கிலத்தில் எழுத, அவர் அதைப் பார்த்துச் சமைத்துச் சரிபார்ப்பது என்று ஏற்பாடு. மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். கிராம் போடாத எதையும் நம்பமாட்டார்.

"உப்பு அளவாய் எண்டா எவ்வளவு?"

"அளவாத்தான் அக்கா."

"அதுதான் எவ்வளவு?"

முதல் வாரமே மீன் குழம்பில் மாட்டிக்கொண்டேன். 'தேசிக்காயளவு புளி' என்று அம்மம்மா எழுதியிருந்தார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். ஊர்த் தேசிக்காய் சின்ன எலுமிச்சை, உள்ளங்கைக்குள் ஒளிந்துவிடும். ஆரணி அக்கா இங்கத்து மஞ்சள் தேசிக்காயைப் பார்த்து, அந்தப் பருமனுக்குப் புளியை உருட்டிப் போட்டுவிட்டார். தாத்தா ஒரு வாய் வைத்தார். எழும்பிப் போய்ப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு கவனமாகத்தான் இருந்தேன். சுண்டு என்றால் வெறும் பால் தகரப்பேணி. அதில் நிரப்பி நிறுத்துப் பார்த்தால் முடிந்தது. பாக்களவு என்றால் தமிழ்க்கடையில் ஒரு கொட்டைப்பாக்கு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கறித்தூளில்தான் வந்தது வினை.

கொப்பியில் இப்படி இருந்தது: மல்லி இரண்டு சுண்டு, செத்தல் ஏழு சிறங்கை. மிளகு, சீரகம், வெந்தயமெல்லாம் அதற்குக் கீழே. செத்தல் காய்ந்த மிளகாய். சிறங்கை என்றால் குவித்த ஒரு கை நிறைய. யாருடைய கை? அம்மம்மாவின் கை. அதை எங்கே போய் நிறுப்பது?

"என்ர கை அம்மான்ர கை" என்றார் பெரியம்மா. "எல்லாரும் சொல்லுவினம்."

அள்ளினார். தராசு பதின்மூன்று கிராம் காட்டியது.

மார்க்கம் நகரத்திலிருந்து சின்னம்மா காரோட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "அக்கா, உன்ர கை அப்பான்ரை. அம்மான்ர காப்பு ஆருக்கு அளவாய் இருக்குது? எனக்கு." காப்பைக் கிலுக்கிக் காட்டிவிட்டு அள்ளினார். பதினொன்று.

"காப்பைத் தந்தது நீ அழுததால. அளவெண்டில்லை."

"அளவில்லாமலோ பதினைஞ்சு வருசமாக் கையில கிடக்குது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "தம்பி, நீதானே எழுதிறாய். சொல்லு."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் படுப்பது பெரியம்மா வீட்டில். வேலை செய்வது சின்னம்மாவின் பலசரக்குக் கடையில். பதின்மூன்று என்று எழுதினால் வேலை போகும். பதினொன்று என்று எழுதினால் கட்டில் போகும். புத்தகம் வருகிற வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான் பன்னிரண்டு என்று எழுதினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருவரும் என்னுடன் பேசவில்லை.

அதோடு அந்தத் தூளும் சரிவரவில்லை. ஆரணி அக்கா வறுத்து அரைத்து நண்டுக் கறி வைத்தார். கறி வெளிறிப்போய், மல்லித் தண்ணீர் குடித்தது போல இருந்தது. பெரியம்மா வைத்ததும் அதே மாதிரி, சின்னம்மா வைத்ததும் அதே மாதிரி. ஆனாலும் விடவில்லை.

"ஒரு கிராம் கூட்டியிருந்தா வந்திருக்கும்" என்றார் பெரியம்மா.

"ஒரு கிராம் குறைச்சிருந்தா வந்திருக்கும்" என்றார் சின்னம்மா.

கடைசியில் இன்று சனிக்கிழமை, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வறுத்துக் காட்டுவது என்று முடிவானது. வீட்டுக்குள் வறுத்தால் புகை அலாரம் கத்தும், தீயணைக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். அது ஏற்கெனவே ஒரு தரம் நடந்தது. ஆகவே கராஜில் இரண்டு அடுப்பு, இரண்டு தாச்சிச் சட்டி. காம்பு கிள்ளியது நான். அதுதான் இந்த எரிவு.

மல்லி முடிந்து செத்தல் ஏறியதும் நெடி கிளம்பியது. பெரியம்மா தும்ம, சின்னம்மா இரும, ஆரணி அக்கா நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு தராசைப் பிடித்திருந்தார். அந்த நேரம் உள்கதவு திறந்தது. குளிர்த்தொப்பியோடு தாத்தா.

"அப்பா, உள்ளுக்குப் போங்கோ, நெடி!" என்றார் பெரியம்மா.

தாத்தாவுக்குக் காது மந்தம். நேரே வந்தார். தாச்சிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, செத்தலே போடேல்லையோ?"

"ஏழு சிறங்கை போட்டாச்சப்பா!"

"ஏழோ? உதோ?" செத்தல் பெட்டிக்குள் கையை விட்டார். அது கையில்லை, மண்வெட்டி. அள்ளித் தாச்சியில் கொட்டப் போனவரை ஆரணி அக்கா குறுக்கே தராசை நீட்டித் தடுத்தார்.

இருபத்தைந்து கிராம்.

தாச்சி பொரிந்துகொண்டிருந்தது.

"நீங்கள் எப்ப அப்பா தூள் வறுத்தனீங்கள்?" என்றார் சின்னம்மா மெதுவாக.

"நான் எங்க வறுத்தன்? கொம்மாதான் வறுக்கிறவ. ஒரு கையில அகப்பை, மற்றக் கையால சீலைத் தலைப்பை மூக்கில பொத்திப் பிடிச்சிருப்பா. பிறகு ஆர் அள்ளிப் போடுறது?"

"நாங்கள் ஒருநாளும் காணேல்லையே!"

"எப்பிடிக் காணுவியள்? நெடி எண்டு உங்களையெல்லாம் கோயில் வீதிக்குத் துரத்திப்போட்டல்லோ வறுக்கிறது."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பணிந்த கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.

"அப்ப அம்மான்ர புத்தகத்தில அப்பான்ர கையோ?" என்றார் பெரியம்மா.

"அதெப்பிடி?" என்றார் சின்னம்மா. பல மாதங்களில் முதல் தரமாக இருவரும் ஒரே பக்கம். "விட ஏலாது."

தாத்தாவுக்கு அது எப்படியோ கேட்டுவிட்டது. "எடியே, எனக்கென்ன கணக்குத் தெரியும்? அவ 'காணும், போதும்' எண்டு சொல்லுமட்டும் போடுவன். அவதான் எண்ணி எழுதினவ." சொல்லிவிட்டுத் தும்மினார். தும்மிவிட்டு, "இருமிக்கொண்டே சொல்லுவா. சில நேரம் விளங்காது, ஒரு கை கூடிப்போம். அண்டைக்கெல்லாம் ஏச்சு" என்றார்.

அதே கையால் ஏழு தரம் அள்ளி, இரண்டு சுண்டு மல்லியோடு வறுத்து அரைத்தோம். செத்தல் நூற்று எழுபத்தைந்து கிராம் வந்தது, மல்லியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தூளைத் திறந்ததும் பெரியம்மா போத்தலை மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றார். சின்னம்மா அதைப் பிடுங்கி மணந்துவிட்டு, "சரி, எழுது தம்பி" என்றார்.

ஆரணி அக்கா சொல்லச் சொல்ல எரிகிற விரலாலேயே பேனை பிடித்து எழுதினேன்: ஒரு சிறங்கை செத்தல் என்பது இருபத்தைந்து கிராம்; அள்ளியவர் தாத்தா, காணும் என்றவர் அம்மம்மா. கட்டிலும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

ஆனால் இப்போதுதான் எனக்குப் பயம் பிடித்திருக்கிறது. கொப்பியில் இன்னும் பல இடங்களில் சிறங்கை வருகிறது. புட்டுக்குத் தேங்காய்ப்பூ, கூழுக்கு ஒடியல் மா, வடகத்துக்கு வேப்பம்பூ. தாத்தாவைக் கேட்டால், "தூளுக்கு மட்டும்தான் நான். மற்றதுக்கு ஆரோ?" என்கிறார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குசினியில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் எப்போதாவது நின்றிருந்தால், எந்தச் சமையலுக்கு யார் அள்ளிப் போட்டது என்று ஞாபகம் இருந்தால், வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்குச் சொல்லுங்கள். அள்ளியது நீங்களே என்றால், ஒரு கை அள்ளி நிறுத்து அனுப்புங்கள்.