ஜெயித்தாலும் கூப்பிட வேண்டும்

எங்கள் மனநலப் பிரிவின் தலைமை மருத்துவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஸ்டாம்ப். எந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும் அவர் கையெழுத்துக்கு மேலே ஒரே வரிதான் இருக்கும். "தற்கொலை எண்ணம் இல்லை. குடும்ப ஆதரவு நன்று. ரிஸ்க் குறைவு." மனைவியை அடித்துத் துரத்தியவனுக்கும் குடும்ப ஆதரவு நன்று. அநாதையாக வளர்ந்தவனுக்கும் குடும்ப ஆதரவு நன்று.

அந்த ஆளை நான் வெறுத்தேன். இதை மென்று முழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு ஆசிரியை. நான்தான் முதலில் பார்த்தேன். அழுதுகொண்டே வந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டார், அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வராந்தாவில் ஸ்டாம்ப்பை மறித்து, "சார், பயமா இருக்கு, அட்மிட் பண்ணலாம்" என்றேன். "அடுத்த வாரம் பாக்கலாம்மா, நீ எல்லாத்துக்கும் பதறுற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் வரியை எழுதினார். அடுத்த வாரம் அந்த அம்மா உயிரோடு இல்லை. விசாரணையில் ஸ்டாம்ப் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "யாரும் என்கிட்ட எதுவும் சொல்லலையே." குழுவினர் என்னைப் பார்த்து, "எழுதியிருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்டார்கள். வராந்தாவில் பேசியதை யார் எழுதுவார்கள்? கண்டிப்புக் கடிதம் எனக்கு வந்தது. அவருக்கு வழக்கம்போல ஏ.சி. அறை.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இனி என் பேனாவிலிருந்து விழும் ஒவ்வொரு வரியும் ஒருநாள் இந்த மனிதரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். யாரிடம் சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார், நான் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் நேரம் போட்டுக் கையெழுத்தோடு. என் குறிப்புகளைப் பார்த்து நர்ஸுகள், "என்ன டாக்டர், கதை எழுதறீங்களா?" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். நான் வலை பின்னிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பூட்டுக்காரர் வந்தார்.

அண்ணனும் தம்பியுமாகப் பூட்டு சாவிக் கடை வைத்திருந்தவர்கள். அண்ணன் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தம்பியான இவர் கள்ளச்சாவி போட்டுத் திருடுகிறவர் என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். பூட்டு வேலை செய்கிறவனுக்கு அதைவிடக் கேடு கிடையாது. யாரும் அவரைத் தங்கள் கதவுப் பக்கம் சேர்க்கவில்லை. கேஸ் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டால் பதிலும் சுற்றி வளைத்துத்தான் வரும்.

"தோணுது டாக்டரம்மா. தெனமும்."

எப்படி என்று யோசித்தாரா என்றும் கேட்டேன். வீட்டில் மிச்சமிருந்த ஒரு மருந்துப் பெட்டியைச் சொன்னார்.

"இத்தனை நாள் உங்களைத் தடுத்து நிறுத்தினது எது?"

"எங்கண்ணன்."

"அண்ணன் மேல அவ்வளவு பாசமா?"

ஆள் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. "பாசமா? அவன் கோர்ட்டுல தலையைத் தொங்கப்போட்டு நிக்கறதைப் பாக்காம நான் போவேனா? நான் செத்துட்டா அவன் நிம்மதியா தூங்குவான். அந்த நிம்மதியை அவனுக்குக் குடுக்க மாட்டேன்."

எனக்கு அந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு அழகாக என் மனதை யாரும் சொன்னதில்லை.

"சரி. தீர்ப்பு வந்துடுது, நீங்க ஜெயிச்சுடறீங்க. மறுநாள் காலைல?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தையும் எழுதினேன்.

அவர் சம்மதத்தோடு மனைவியிடம் தனியாகப் பேசினேன். பிறகு மூவரும் சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் போட்டோம். மனசு கெட்டுப்போகிற அறிகுறி என்ன? சாப்பாட்டை ஒதுக்குவது, கடைத்தெருவைச் சுற்றிப் போவது. அப்போது தனியாகச் செய்யக்கூடியது என்ன? பழைய பூட்டு ஒன்றைப் பிரித்து மாட்டுவது. யாரோடு போய் உட்கார்ந்தால் மனசு திசைமாறும்? தச்சுப் பட்டறை நண்பர். யாரிடம் வாய்விட்டு உதவி கேட்பார்? மைத்துனரிடம். அதற்கும் அடங்காவிட்டால் எங்கள் எண், இரவென்றால் அவசரப் பிரிவு. கடைசியில் அந்த மருந்துப் பெட்டி. எங்கள் அச்சடித்த தாளில் "மருந்துகளைப் பூட்டி வைக்கவும்" என்று இருக்கிறது. அதைப் படித்ததும் மனைவியே சொல்லிவிட்டார்: "இவரு கிட்டயா? எந்தப் பூட்டைப் போட்டாலும் டீ ஆறறதுக்குள்ள திறந்துடுவாரே!" பூட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட. அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "பூட்டுவது பயன்படாது. நோயாளி பூட்டுத் தொழிலாளி. பெட்டி இன்றே மைத்துனர் வீட்டுக்குப் போகும். கேட்டு வந்தால் தராமல் நமக்குச் சொல்வார். போய்ச் சேர்ந்ததைப் போனில் உறுதிசெய்ய வேண்டும்." மாலையில் போன் செய்து, போய்ச் சேர்ந்தது என்று கீழே சேர்த்தேன்.

அட்மிட் செய்யாததற்குக் காரணமும் எழுதினேன். தீர்ப்புக்கு முன் எதுவும் செய்யும் நோக்கம் இல்லை என்கிறார், முன்பு முயன்றதில்லை, குடி இல்லை, மருந்து சாப்பிடவும் வாராவாரம் வரவும் ஒப்புக்கொண்டார், வீட்டில் ஆள் உண்டு, பெட்டி வெளியே போய்விட்டது. பாதுகாப்புக் காரணிகள் என்ற இடத்தில் அவர் சொன்னதை மேற்கோள் போட்டு அப்படியே வைத்தேன். அதற்குக் கீழே: "முக்கியமான காரணி அண்ணன்மேல் உள்ள வஞ்சம். தீர்ப்பு வந்ததும் இது தீர்ந்துபோகும். தோற்றாலும், ஜெயித்தாலும் அன்றே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர் அமைதியாக இருந்தால் அதை நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது."

ஃபைல் தலைமை மருத்துவரின் மேலொப்பத்துக்குப் போனது. ஸ்டாம்ப் என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? வஞ்சம் எல்லாம் பாதுகாப்புக் காரணியா? படிக்கறவன் சிரிப்பான். குடும்ப ஆதரவுன்னு போடு. அப்புறம் ஜெயிச்சா மனுஷன் சந்தோஷமாத்தானே இருப்பான்? அந்த வரியை எடுத்துடு."

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப உன் இஷ்டம்."

திரும்பி வந்து, இருக்கிற வரிக்குக் கீழே இன்னொன்று சேர்த்தேன். "மேற்கண்ட வரியை நீக்கும்படி தலைமை மருத்துவர் கூறினார். உடன்படவில்லை. நோயாளி தீர்ப்புக்குப் பிந்தைய நாளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாமல் இருப்பதே காரணம்." நேரம், கையெழுத்து. எழுதும்போது கை இனித்தது. இந்த முறை தப்பிக்க முடியாது ராசா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வாரங்கள் போயின. பூட்டுக்காரர் சொன்னபடி வந்தார், கொஞ்சம் தூங்கினார், அண்ணனைக் குறைவில்லாமல் திட்டினார். நானும் ஸ்டாம்ப்பைக் குறைவில்லாமல் திட்டிக்கொண்டிருந்தேன், வாய்க்குள்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சில நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த காலையில் வரவேற்பு மேசைப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டாக்டர், உங்க பூட்டுக்காரர் கேஸ் ஜெயிச்சுட்டாராம்! தீர்ப்புத் தேதிக்கு முன்னாடியே அண்ணன் கோர்ட்டு வாசல்ல கையைப் பிடிச்சு அழுது, கடையைத் திருப்பிக் குடுத்துட்டானாம். அவர் வீட்டம்மா நேத்து போன் பண்ணி, இப்ப அமைதியா இருக்காரு, இனிமே வர வேண்டியதில்லைன்னு அப்பாயின்ட்மென்ட்டை வேண்டாம்னுட்டாங்க. நீங்க இல்லையா, பெரிய டாக்டர் கிட்ட ஃபைலை அனுப்பிட்டேன்."

அடுத்து என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் வந்தது பயம் இல்லை. மாட்டினான்டா என்ற சந்தோஷம். அமைதியாக இருக்கிறார் என்றதும் ஸ்டாம்ப் தன் வரியைக் குத்தியிருப்பார். என் வரி அதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். விசாரணைக் குழு அதைப் படிக்கும். அவர் முகம் எப்படிப் போகும் என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பூட்டுக்காரரின் கைகள் ஞாபகம் வந்தன. ஒரு மனுஷன் செத்திருக்க வேண்டும் என்றா நான் ஆசைப்பட்டேன்? ரெக்கார்டு அறைக்கு ஓடினேன்.

ஃபைல் அங்கே இல்லை, வார்டில் இருந்தது. வார்டில் இருந்தால் ஆளும் வார்டில்தான். எனக்கு மூச்சு வந்தது.

திறந்தேன். ஸ்டாம்ப்பின் கோழிக் கிறுக்கல், ஆனால் பக்கம் நிறைய. "அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யக் கேட்டுத் தகவல் வந்தது. முந்தைய மதிப்பீட்டின்படி வஞ்சம் என்ற காரணி இதோடு முடிந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். மைத்துனரிடமும் பேசினேன். நேற்று மாலை நோயாளி வந்து பெட்டியைக் கேட்டதாகவும், தரவில்லை என்றும், சந்தோஷமான நேரத்தில் எதற்கு என்று நமக்குச் சொல்லாமல் விட்டதாகவும் கூறினார். உடனே வரவழைத்தேன். 'எல்லாம் முடிஞ்சுது, இனி என்ன இருக்கு' என்கிறார். எண்ணம், திட்டம், நோக்கம் மூன்றும் உண்டு. பேசிச் சம்மதம் பெற்று அனுமதித்தேன். இடைவிடாத கண்காணிப்பு." அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: "'ஜெயித்தாலும்' என்ற வரியை நீக்கச் சொன்னது நான். நீக்காதது சரி."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. பாவி மனுஷன், ஒரு வருஷமாக நான் பின்னிய வலையைப் படித்து, அதையே பிடித்துக்கொண்டு ஒரு உயிரை இழுத்துப் போட்டிருக்கிறார். பழிவாங்கக்கூட விடவில்லை. அந்த ஆசிரியைக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு பக்கம் எழுதவில்லை என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

பூட்டுக்காரர் கட்டிலில் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கண் எடுக்காமல் ஒரு நர்ஸ்.

"வாங்க டாக்டரம்மா. உங்க பெரிய டாக்டர் இருக்கானே, என் டூல்ஸ் பையைப் பிடுங்கிக்கிட்டான். பாத்ரூம் போனாலும் ஆள் கூட வருது. நான் ஜெயிச்சவன், என்னைத் திருடன் மாதிரி உட்கார வச்சிருக்கான். வெளிய வந்து அவன் ரூம் பூட்டை என்ன பண்றேன் பாருங்க. அவனே உள்ள போக முடியாம வாசல்ல நிக்கணும். அதைப் பாக்காம விடமாட்டேன்!"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாம் கேட்டேன். எண்ணம் இன்னும் இருந்தது, நேற்றைவிடக் குறைவு. கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது என்று எழுதினேன். கடையைத் திரும்பத் திறப்பதா வேண்டாமா என்று மனைவியோடு பேச ஒப்புக்கொண்டதை எழுதினேன். பாதுகாப்புக் காரணிகள் என்ற இடத்தில் அவர் வார்த்தைகளை மேற்கோளில் போட்டேன். கீழே: "தலைமை மருத்துவர்மேல் உள்ள கோபம். தற்காலிகம். இதை மட்டும் நம்பக் கூடாது. தணியும் அன்று மறுமதிப்பீடு."

மேலொப்பத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டாம்ப் கண்ணாடியை ஏற்றிவிட்டு வரிவரியாகப் படித்தார். படிக்கத் தெரிந்திருக்கிறது.

"நான் பாதுகாப்புக் காரணியா?"

"ஆமா சார். கொஞ்ச நாளைக்கு."

எடுத்துவிடு என்று சொல்லவில்லை. நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். ஃபைலை நீட்டியவர் பிடியை விடவில்லை.

"அந்த டீச்சர் விஷயத்துல இருந்து உனக்கு என் மேல இருக்கிறது..."

"அதுதான் சார் என்னை இந்த வேலைல நிறுத்தி வச்சிருக்கு."

"அது எப்ப தீரும்?"

"விசாரணைல சொன்னதை நீங்க மாத்தி எழுதிக் குடுக்கிற அன்னைக்கு" என்றேன். "அன்னைக்கு என்னையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க சார். நான் ஜெயிச்சாலும்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். பேனாவைத் திறந்தார். நான் கதவருகில் நின்று, அவர் முதல் வரியை எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.