குறுக்குக்கட்டை

2023 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. உள்ளே ஒருவன் உயிரோடு குடியிருக்கும்போதே அவனுடைய வீட்டை இரண்டாகப் பிளப்பதற்கு இன்று நீதிமன்றம் ஆள் அனுப்புகிறது. இதைவிடப் பெரிய அநியாயம் திருகோணமலையில் நடந்ததில்லை என்பது மேர்வினின் துணிபு, அநியாயங்களுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான் என்றாலும்... அவர் கதிரையை வாசற்கதவுக்கு நேராகப் போட்டு, முழங்கால்களின் மேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். துறைமுகப் பண்டகசாலையில் பொறுப்பாளராக இருந்த காலத்திலும் இப்படித்தான் உட்காருவார், எவன் வந்தாலும் முதலில் தம் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று. வெளியே வாடைக்காற்று டச்சுக்குடாவின் கடல்நீரை வாரி வீதியில் எறிந்துகொண்டிருந்தது. கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான்கள் இரண்டு மதிலோரம் ஒண்டி நின்றதை முன்னர் யன்னலால் பார்த்தார், வழக்கு இல்லாத உயிர்கள். வீடு விழித்திருந்தது. அது விழித்திருக்கும் நாள்களை அவர் அறிவார். கூரை மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகும், அப்பாவின் அறைச் சுவரில் ஈரம் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி நிற்கும், ஏறிய இடமெல்லாம் உப்புப் பூக்கும், காலையில் துடைத்தால் மாலையில் மறுபடியும் பூக்கும், காய்ச்சற்காரனின் நெற்றியைப் போல. யாரோ வருகிறார்கள் என்று அதற்கும் தெரியுமோ? தெரியும், தெரியாமல் என்ன, அவருக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாதா?

வருபவள் தினுஷா, இறந்துபோன தங்கை மாகிரட்டின் ஒரே மகள். அப்பா மரணசாசனம் எழுதாமல் கண்ணை மூடினார், அம்மா அவருக்கு முன்னரே போய்விட்டார், ஆகவே பிள்ளைகள் இருவருக்கும் பிரிக்கப்படாத அரைவாசி, அரைவாசி. மாகிரட்டின் அரைவாசி இப்போது அவள் மகளுக்கு, அந்த மகள் போட்டதுதான் இந்தப் பிரிவினை வழக்கு. பிரிக்கப்படாத அரைவாசி என்றால் என்ன? இந்த மண்டபம் உனக்கு, அந்தக் குசினி எனக்கு என்பதன்று. ஒவ்வொரு கல்லிலும் அரைக்கல், ஒவ்வொரு ஓட்டிலும் அரை ஓடு. நில அளவையாளர் வந்து அளந்து, வரைபடம் கீறி, யார் எதைக் கேட்கிறார் என்று எழுதிக் கொடுப்பார். நீதிபதி பார்த்துவிட்டு, இந்த வீட்டைக் குறுக்கே வெட்ட முடியாது என்று கண்டால் விற்கச் சொல்வார், முதலில் பங்காளிகளுக்குள், பிறகு வெளியாருக்கு ஏலத்தில்... அதற்குப் பிறகு இங்கே ஒரு விடுதி எழும், வெள்ளைக்காரர் நனைந்த காலோடு நடப்பார்கள். அவர் எங்கே போவார்? இந்த வயதில் எந்தச் சுவர் அவரை அறியும்? பத்தாண்டுகளுக்கு மேலாகத் தனியே ஆண்டிருக்கிறேன், முழுவதும் எனக்கே என்று அவர் நீதிமன்றத்துக்கு மறுமொழி கொடுத்திருந்தார். அதற்குத்தான் அவருடைய சட்டத்தரணி சஞ்சீவன் போன கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டான். "ஐயா, பிறத்தியானுக்கு எதிரா எண்டால் பத்து வருசம் இருந்தாப் போதும். கூடப் பிறந்தவவுக்கு எதிரா அது காணாது. அவவின்ர பங்கையும் நீங்கள் அவவுக்காகக் காத்துக்கொண்டு இருந்தனீங்கள் எண்டுதான் நீதிமன்றம் நினைக்கும். உனக்கு இஞ்ச உரிமை இல்லையெண்டு ஒரு நாளாவது அவவின்ர முகத்தில அடிச்சாப்போலக் காட்டினனீங்களோ? வெளியில தள்ளினனீங்களோ? அந்த நாளிலயிருந்துதான் பத்து வருசம் எண்ணலாம்." என்ன சட்டம் இது! தங்கையை அன்பாக நடத்திய அண்ணனுக்கு அரை வீடு, அடித்துத் துரத்தியவனுக்கு முழு வீடா? நான் அப்படிப்பட்டவன் அல்லன், தம்பி, என்று எழுந்து வந்துவிட்டார். வரும் வழியெல்லாம் அந்த நாள் அவருக்கு முன்னால் நடந்தது.

அதுவும் ஒரு நவம்பர், போர் முடிந்த மறுவருடம். மட்டக்களப்பில் புருஷனை அடக்கம் செய்துவிட்டு மாகிரட் ஒரு பெட்டியோடு வந்தாள், தன் வீட்டில் இருக்கலாம் என்று. தட்டினாள். "அண்ணா, நான் மாகிரட் வந்திருக்கிறன்." இன்னொரு முறையும் தட்டினாள். அவர் உள்ளேதான் இருந்தார், இதே மண்டபத்தில். கதவு திறபடவில்லை. அதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார், பங்குத்தந்தையிடம், சஞ்சீவனிடம், தமக்குத் தாமே... கதவு திறபடவில்லை, அவ்வளவுதான், முதிரைப் பலகை மாரியில் ஊதிவிட்டது, நிலையோடு இறுகிவிட்டது, அவர் இழுத்தார், இழுத்தாரே, குசினி வழியாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வருவதற்குள் அவள் போய்விட்டாள், மழையில் பெட்டி இழுபட்ட தடம் மட்டும் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. அவர்மேல் என்ன பிழை? வீடு அவளை ஏற்கவில்லை. சாதியும் சமயமும் பாராமல் கட்டிக்கொண்டு போனவளை வீடு மறக்கவில்லை. வீடுகளுக்கு மனம் உண்டு; இல்லையென்பவன் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால் கட்டிய வீட்டில் மாரிகாலம் இருந்து பார்க்கட்டும். கடல் பொங்கி வந்து போன பிறகு, உதிர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு முன்சுவர் முழுவதும் அவர்தாம் சீமெந்து பூசுவித்தார், வீட்டைக் காப்பதற்காக. சுண்ணாம்புச் சுவர் குடித்த நீரை வெயிலில் வெளியே விட்டுவிடும். சீமெந்து அதன் வாயைப் பொத்திவிட்டது. அன்றிலிருந்து ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது, நிலைக்கதவுக்குள் புகுகிறது, ஆண்டுக்கு ஆண்டு கதவு இன்னும் இறுகுகிறது. அதனால்தான் இன்று அவர் ஒன்றுமே செய்யவில்லை. நீதிமன்றம் அனுப்பும் ஆளைத் தடுத்தால் குற்றமாகும் என்று சஞ்சீவன் எச்சரித்திருந்தான். தடுக்கவில்லையே, கதவின் குறுக்குக்கட்டையைக் கூடப் போடவில்லை, அது சுவரோரம் சாத்தியபடி நிற்கிறது, யாரும் பார்க்கலாம். வீடு தானே பார்த்துக்கொள்ளும். அன்று தாயைப் பார்த்துக்கொண்டதைப் போல இன்று மகளையும்.

வாகனம் நின்றது. தட்டினார்கள். "ஐயா! நில அளவையாளர் யோகலிங்கம். நீதிமன்றக் கட்டளையோட வந்திருக்கிறம்." மேர்வின் எழுந்து சென்று வளையத்தைப் பிடித்து இழுத்தார், உண்மையாகவே இழுத்தார், கதவு அசையவில்லை, நெஞ்சுக்குள் ஒரு மகிழ்ச்சி குளிர்ந்தது. "கதவு இறுகிப்போச்சு. ஏலாது. மாரி முடிய வாருங்கோ." வெளியே யோகலிங்கம் தோளால் இடிக்கும் ஓசை, ஒரு முறை, இன்னொரு முறை, வீடு வாயை இறுக்கி நின்றது. "இது கதவோ, கோட்டை மதிலோ?" என்று அவர் மூச்சு வாங்கினார். அப்போது பெண்குரல், சிரிப்போடு: "கொஞ்சம் விலகுங்கோ ஐயா. இதை இடிக்கப்படாது, கொஞ்ச வேணும்." வெளி வளையம் மேலே தூக்கப்படும் ஒலி கேட்டது, கதவின் அடிமூலையில் ஒரு முழங்கால் மெல்ல முட்டிற்று, கீல் ஒரு முறை அழுதது, கதவு திறந்துகொண்டது. வாசலில் மாகிரட்டின் நெற்றியோடு ஒருத்தி நின்றாள், மழைத்துளி மூக்கில். "அட, உங்கட வீட்டுக்கு என்னைப் பிடிச்சிருக்குப் போல, மாமா."

அவர் கையில் உள்வளையம் இருந்தது. தூக்கி, முழங்காலால் அடிமூலையில்... அந்த வித்தையை அப்பா அவருக்கும் மாகிரட்டுக்கும் ஒரே மாரியில் காட்டித் தந்தார், கீல் தொய்ந்த கதவு வாசற்படியில் குந்திக்கொள்ளும், தூக்கினால்தான் எழும்பும் என்று. இந்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் அது மறக்காது. "ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். "அம்மாதான். எங்கட வீட்டு அலுமாரிக் கதவிலயே செய்து காட்டுவா. அண்டைக்கும் இப்பிடித்தான் தூக்கித் தள்ளினவாவாம், மாமா. திரும்பத் திரும்ப. அசையேல்லையாம்." பழி சொல்லும் குரலாக அது இல்லை, மழையைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றினாள். யோகலிங்கம் அளவைக் கருவியின் முக்காலியை மண்டபத்தின் நடுவில் ஊன்றினார், சுவர்களை ஒவ்வொன்றாகக் குறித்தார், இந்தச் சீமெந்துப் பூச்சு யாருடைய வேலை, செய்தவருக்கு அதன் பெறுமதி சேரும் என்றார். "என்ர" என்றார் மேர்வின். சொன்னதும் பூச்சின் உட்பக்கம் எதுவோ பொருபொருவென்று உதிர்ந்து விழுந்தது. சுவர் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைய கதவு இன்றையதைவிட இளையது, ஈரம் குறைந்தது. இன்று ஒரு முழங்காலுக்குத் திறந்த கதவு, அன்று அதே வித்தை தெரிந்தவளுக்கு ஏன் திறக்கவில்லை? பார்வை தானாகச் சுவரோரம் போயிற்று. குறுக்குக்கட்டை. நிலையின் இரு பக்க இரும்புக் கொக்கிகளிலும் அது கிடந்தால் யானை தள்ளினாலும் கதவு உள்ளே வராது. அப்பாவின் வீட்டில் அதற்கு ஒரு முறை இருந்தது: வீட்டு ஆள் ஒருவர் வெளியே நிற்கையில் கட்டை போடக் கூடாது. எவ்வளவு பிந்தினாலும் அப்பா கதிரையில் இருப்பார், கடைசிப் பிள்ளை படியேறிய பிறகே கட்டை கொக்கியில் விழும், எல்லாரும் உள்ளே என்று அதற்குப் பொருள். அன்று பகலில் கட்டை விழுந்திருந்ததா? காற்றுக்காகப் போட்டதா, தட்டும் சத்தத்துக்கு முன்னரா, யன்னலில் பெட்டியைக் கண்ட பிறகா? இழுத்தேன் என்று நினைவு... கட்டை கிடக்கும் கதவை இழுத்தாலும் கை நோகத்தான் செய்யும். உள்ளே அவரைத் தவிர வேறொருவர் இருக்கவில்லை. வீட்டைத் தவிர.

"சரி ஐயா," என்றார் யோகலிங்கம், பேனாவைத் திறந்து. "பிள்ளை தனக்கு அரைவாசி எண்டு சொல்லுறா. நீங்கள் முழு வீடும் கேக்கிறியள். எந்த நாளிலயிருந்து, எதனால எண்டு சொன்னால் அப்பிடியே எழுதுவன்." எளிய கேள்வி. கட்டையைப் போட்டவன் நான், என் தங்கை வெளியே நிற்கிறாள் என்று தெரிந்தே போட்டேன் என்றால், இந்த முருகைக்கல் முழுவதும் அவருக்கு. வீடுதான் மூடியது என்றால் அரைவாசி, பிறகு ஏலம். ஆனால் வீடு இன்று திறந்துவிட்டதே, சாட்சி சொல்லிவிட்டதே... தினுஷா அப்பாவின் அறை வாசலில் நின்று உப்புப் பூத்த சுவரில் உள்ளங்கையை வைத்திருந்தாள், நாடி பார்ப்பதைப் போல. கூரை ஒரு முறை முனகிற்று. பேனா காத்திருக்கிறது. வாசகரே, இவரை வில்லன் என்று எழுதிவிட்டு எழுந்து போக உங்களுக்கு அனுமதியில்லை. உங்கள் கதவருகே போய் நில்லுங்கள், தாழ்ப்பாளில் கை வையுங்கள், அதைக் கடைசியாக யார் வெளியே நிற்கையில் போட்டீர்கள் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.